மேலாளரின் கோப மடலை அலுவலக மடலாக மாற்றி எழுதுவது எப்படி

சிங்கப்பூர் அலுவலகங்களில் நிர்வாக உதவியாளராகவோ ஒருங்கிணைப்பாளராகவோ புதிதாகச் சேர்பவர்களிடம், வேலைக்கான விளம்பரத்தில் எழுதப்படாத ஒரு பணி சில மாதங்களுக்குள் வந்துசேரும். மேலாளர் கோபத்தில் தட்டிய நாலு வரிகளை அனுப்பி, "இதைக் கொஞ்சம் சரிசெய்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்" என்பார். புதியவர்களில் பலர் சுடுசொற்களை நீக்கி, "தயவுசெய்து" என்பதை மூன்று இடங்களில் சேர்த்து, வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். அப்படிப் போன மடலுக்குப் பதில் வருவதில்லை. இரண்டு நாள் கழித்து மேலாளர் முன்பைவிடக் கடுமையாக இன்னொன்றை எழுதித் தருவார்.

கோபமாக எழுதப்பட்ட மடலைக் கூர்ந்து பார்த்தால், அதில் மிகையாக இருப்பது கோபம் என்றாலும் குறையாக இருப்பது தகவல் என்பது தெரியவரும். எது வேண்டும், எத்தனை வேண்டும், எந்த மணிக்குள் வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்பவை அங்கே இருக்காது. அந்த வெற்றிடத்தைத்தான் குரல் நிரப்பிக்கொண்டிருக்கும். ஆகவே சொற்களை மென்மையாக்குவதில் தொடங்காமல், விடுபட்ட தகவலைத் தேடிச் சேர்ப்பதில் தொடங்க வேண்டும். தகவல் முழுமையானால் குரலை உயர்த்தத் தேவையில்லை; அவசரம் தானாகவே புலப்படும்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்ப்போம். உணவுப் பொருள் மொத்த வணிகம் செய்யும் ஒரு நிறுவனம். அதற்குத் துவாஸிலும் செனோக்கோவிலும் கிடங்குகள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கொள்முதல் இன்வாய்ஸ்கள் வரவேண்டும், வரவில்லை. ஏப்ரல் 20, திங்கட்கிழமை காலை, மேலாளர் உங்களுக்கு அனுப்பிய வரைவு இது. நடைமுறையில் இத்தகைய மடல்கள் ஆங்கிலத்தில் போகும் என்றாலும், மாற்றியெழுதும் முறை ஒன்றே என்பதால் இங்கே தமிழிலேயே தருகிறேன்.

> பொருள்: அவசரம்!!! கடைசி எச்சரிக்கை!!!
>
> எத்தனை தடவை சொல்வது? இந்தக் கம்பெனியில் யாருக்கும் பொறுப்பே கிடையாதா? போன காலாண்டிலும் இதே கதைதான். துவாஸும் செனோக்கோவும் இன்னும் இன்வாய்ஸ் அனுப்பவில்லை. கேட்டால் பிஸி என்று ஒரு சாக்கு. கணக்குப் பிரிவு என்ன உங்கள் வேலைக்காரர்களா? ஜிஎஸ்டி தாக்கல் தள்ளிப்போனால் ஆயிரக்கணக்கில் அபராதம் வரும். அதை உங்கள் சம்பளத்தில்தான் பிடிப்பேன். எல்லாவற்றையும் உடனே அனுப்புங்கள். இனி எந்தச் சாக்கும் கேட்க மாட்டேன்.

நகல் பெறுவோர் பட்டியலில் இயக்குநரும், இந்த விவகாரத்தில் தொடர்பே இல்லாத மற்றக் கிளைகளும் இருக்கின்றன.

முதலில் பிரித்துப் பாருங்கள்

எதையும் திருத்துவதற்கு முன், வரைவின் ஒவ்வொரு வாக்கியமும் என்ன செய்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். வேண்டுகோள், கெடு, விளைவு, நடந்தது, வசை என்ற ஐந்து குறிகள் போதும். மேலே உள்ள மடலில் வேண்டுகோள் ஒரே ஒரு வாக்கியம்: "எல்லாவற்றையும் உடனே அனுப்புங்கள்." கெடு அதே வாக்கியத்தில் உள்ள "உடனே" என்ற சொல் மட்டும்தான். விளைவு என்ற பெயரில் இரண்டு வாக்கியங்கள் உள்ளன. ஒன்று அபராதம், மற்றொன்று சம்பளப் பிடித்தம். நடந்ததைச் சொல்பவை மூன்று: சென்ற காலாண்டிலும் தாமதமானது, இப்போதும் இன்வாய்ஸ் வரவில்லை, கேட்டபோது வேலைப்பளு என்று பதில் வந்தது. மற்றவை யாவும் வசை.

வசை என்று குறித்ததை உடனே அடித்துவிட வேண்டாம். அதற்குள் சில சமயம் ஒரு செய்தி ஒளிந்திருக்கும். "கணக்குப் பிரிவு என்ன உங்கள் வேலைக்காரர்களா?" என்பது கேட்பதற்குச் சுடுகிறது; ஆனால் கணக்குப் பிரிவினர் ஒவ்வோர் இன்வாய்ஸுக்கும் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்ற உண்மையான குறை அதன் அடியில் இருக்கிறது. இது மேலாளரை உறுத்தும் செய்தி. அதை முற்றிலும் நீக்கினால், தான் சொல்ல வந்ததை நீங்கள் விழுங்கிவிட்டதாக அவர் நினைப்பார். அந்த நினைப்பு தவறும் ஆகாது. இத்தகைய செய்தியை வேறொரு வடிவில் மடலின் பிற்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். "யாருக்கும் பொறுப்பே கிடையாதா" என்பதில் அப்படி ஒன்றும் இல்லை. அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

விடுபட்டதைக் கேட்டு வாங்குங்கள்

இந்தக் கட்டத்தில் மடலை மூடிவிட்டுக் கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டும், அல்லது அழைக்க வேண்டும். புதியவர்கள் தவறாமல் தாண்டிச் செல்லும் படி இதுதான். மாற்றியெழுதும் வேலையில் முக்கால்வாசி இங்கேயே நடக்கிறது என்பது என் கருத்து.

"எல்லாவற்றையும்" என்றால் எத்தனை? கணக்குப் பிரிவு தன் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறது: ஏப்ரல் 8 அன்று 23 இன்வாய்ஸ்கள் கேட்கப்பட்டன, 9 வந்துவிட்டன, 14 நிலுவை. துவாஸிலிருந்து 8, செனோக்கோவிலிருந்து 6. வரி சேர்க்காத மொத்த மதிப்பு 86,000 வெள்ளி. தற்போதைய 9 விழுக்காட்டுக் கணக்கில் அதற்கான ஜிஎஸ்டி 7,740 வெள்ளி. இந்த நாலைந்து எண்கள் கைக்கு வந்ததுமே, மேலாளரின் வரைவில் இருந்த எந்த வியப்புக்குறியையும்விட வலுவான ஒன்று உங்களிடம் இருக்கிறது.

அடுத்து, "உடனே" என்றால் எப்போது? கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். காலாண்டு முடிந்த ஒரு மாதத்துக்குள் ஜிஎஸ்டி எஃப்5 படிவத்தைச் சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே மார்ச் 31-இல் முடியும் காலாண்டுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30, இங்கே அது வியாழக்கிழமை. மறுநாள் தொழிலாளர் தினம் என்பதால், வழிய விட்ட வேலையை முடிக்க அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். ஒருநாள் இடைவெளியாவது இருக்க வேண்டும் என்று 29-ஆம் தேதி தாக்கல் செய்யத் திட்டமிடுகிறார்கள். 28-ஆம் தேதி மேலாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பதிய இரண்டு வேலைநாள்கள் தேவை. அவை 24 வெள்ளியும் 27 திங்களும். எனவே கிடங்குகளிலிருந்து இன்வாய்ஸ்கள் வந்துசேர வேண்டிய நேரம் ஏப்ரல் 23, வியாழன் மாலை. கிடங்குகளில் மாலை ஐந்துக்கு மேல் பொருள் ஏற்றும் வேலை மும்முரமாகும் என்றால் 4 மணி என்று வைப்பது நல்லது. அவர்களால் கடைப்பிடிக்க முடியாத நேரத்தைக் குறித்தால், அந்தக் கெடு மட்டுமின்றி நீங்கள் அடுத்து வைக்கும் கெடுவும் மதிப்பிழக்கும்.

விளைவைச் சரிபாருங்கள்

மேலாளரின் வரைவில் இரண்டு மிரட்டல்கள் இருந்தன. இரண்டையும் தனித்தனியே ஆராய வேண்டும், ஏனெனில் அவற்றில் உள்ள பிழை இருவேறு வகை.

"ஆயிரக்கணக்கில் அபராதம்" என்பது மிகை. எஃப்5 படிவம் தாமதமானால் உடனடியாக 200 வெள்ளி தண்டம். அதன்பின் தாக்கல் செய்யப்படாத ஒவ்வொரு முழு மாதத்துக்கும் இன்னொரு 200 வெள்ளி. ஒரு படிவத்துக்கு உச்சவரம்பு 10,000 வெள்ளி. வரியைக் கட்டத் தவறினால் கட்டவேண்டிய தொகையில் 5 விழுக்காடு தனியாகச் சேரும். ஆக, சில நாள் தாமதத்துக்கு மேலாளர் அஞ்சும் தொகை வராது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: இந்த 14 இன்வாய்ஸ்களும் வராவிட்டாலும் படிவத்தை உரிய நாளில் தாக்கல் செய்துவிட முடியும், தண்டமே இருக்காது. அப்படியானால் எதற்கு அவசரம்? டேக்ஸ் இன்வாய்ஸ் கையில் இல்லாமல் கொள்முதலுக்குச் செலுத்திய வரியைத் திரும்பக் கோர முடியாது. அந்த 7,740 வெள்ளியைக் கழிக்காமல் நிறுவனம் இந்த மாதமே கட்ட வேண்டியிருக்கும். இன்வாய்ஸ் கிடைத்தபின் பிந்திய காலாண்டில்தான் கோரலாம். கைவிட்டுப் போகும் பணம் இல்லை என்றாலும், மூன்று மாதம் முடங்கும் பணம்.

துல்லியமான விளைவு, மிகைப்படுத்திய விளைவைவிடச் சிறியதாகத் தோன்றலாம். ஆனாலும் அதுதான் வேலை செய்யும். துவாஸ் கிடங்குப் பொறுப்பாளர் பத்தாண்டு அனுபவம் உள்ளவராக இருந்தால், ஆயிரக்கணக்கில் அபராதம் என்று படித்ததுமே அது வெறும் பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிடும். 7,740 என்று படித்தால் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது புரியும்.

இரண்டாவது மிரட்டல், சம்பளத்தில் பிடித்தம். இதில் சிக்கல் தொனி பற்றியது மட்டுமன்று. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம், எந்தெந்தக் காரணங்களுக்காகச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்துள்ளது. ஊழியரால் பணமோ பொருளோ இழப்பானால்கூட, அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்து விசாரித்த பிறகே பிடிக்க முடியும். அதுவும் ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. இன்வாய்ஸ் அனுப்பத் தாமதித்ததற்காக மேலாளர் தன் விருப்பப்படி பிடிப்பேன் என்று எழுத்தில் கொடுப்பது, நாளை அவருக்கும் நிறுவனத்துக்கும் எதிராக நிற்கக்கூடிய ஆவணம். இந்த வாக்கியத்தை நீக்கத்தான் வேண்டும்; ஆனால் ஓசையின்றி நீக்கக்கூடாது. நீக்கியதையும் அதற்கான காரணத்தையும் அவரிடம் சொல்ல வேண்டும். சொற்களை மாற்றும் உரிமை உங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. முடிவுகளை மாற்றும் உரிமை தரப்படவில்லை. ஒழுங்கு நடவடிக்கை, எச்சரிக்கைக் கடிதம் போன்றவை வரைவில் இருந்தாலும் இதே வழிதான்: மனிதவளத் துறையிடம் கேட்டுக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் கேளுங்கள், நீங்களே தீர்மானிக்க வேண்டாம்.

இனி எழுதலாம்

பழைய மடலைத் திறந்து அதன் மேலேயே திருத்தாதீர்கள். புதிய மடல் ஒன்றைத் திறந்து வெற்றுப் பக்கத்தில் தொடங்குங்கள். மேலாளர் உங்களுக்கு அனுப்பியதையே முன்னனுப்பித் திருத்தினால், அவருடைய மூல வாசகம் கீழே ஒட்டிக்கொண்டு எல்லாருக்கும் போய்விடும் ஆபத்து உண்டு. மேலே பண்பான மடலும் கீழே "வேலைக்காரர்களா" என்ற வரியும் சேர்ந்து போவது, கோப மடல் தனியாகப் போவதைவிடக் கேடானது.

தலைப்பு வரியில் "அவசரம்" என்ற சொல் தேவையில்லை. கைப்பேசியில் தலைப்பின் முதற்சில சொற்களே தெரியும். கிடங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். எனவே நாளும் நேரமும் முதலில், பொருள் அடுத்து. உடலின் முதல் பத்தியிலேயே என்ன, எத்தனை, யார், எப்போது என்பவை முடிந்துவிட வேண்டும். காரணமும் விளைவும் இரண்டாவது பத்தி. பழைய குறை கடைசியில், அதுவும் தேதியும் எண்ணிக்கையுமாக. "எப்போதும் இப்படித்தான்" என்ற கூற்றை யாரும் மறுக்கலாம், "இல்லை, ஜூலையில் சரியாகக் கொடுத்தேனே" என்று விவாதம் வேறு பக்கம் போகும். "23-இல் 9 வந்தன" என்பதை மறுக்க முடியாது.

இப்படி எழுதினால் மடல் பின்வருமாறு அமையும்.

> பொருள்: ஏப்ரல் 23 வியாழன் மாலை 4 மணிக்குள்: 14 டேக்ஸ் இன்வாய்ஸ்கள் (ஜனவரி–மார்ச் ஜிஎஸ்டி)
>
> துவாஸ், செனோக்கோ கிடங்குப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.
>
> ஜனவரி–மார்ச் காலாண்டின் ஜிஎஸ்டி தாக்கலுக்கு இன்னும் 14 இன்வாய்ஸ்கள் வரவேண்டியுள்ளன: துவாஸ் 8, செனோக்கோ 6. இவற்றை ஏப்ரல் 23, வியாழன் மாலை 4 மணிக்குள் கணக்குப் பிரிவின் கோப்புறையில் சேர்த்துவிடுங்கள். எந்தெந்த இன்வாய்ஸ்கள் என்ற பட்டியலை இணைத்துள்ளேன்.
>
> இந்த நேரத்தை நீட்டிக்க இயலாது. தாக்கலுக்கான கடைசி நாள் ஏப்ரல் 30. அதற்குமுன் சரிபார்ப்புக்கும் பதிவுக்கும் ஒப்புதலுக்கும் நாள்கள் தேவை. வந்துசேராத இன்வாய்ஸ்களுக்கான வரியை இந்தக் காலாண்டில் நாம் கோர முடியாது. 14-உம் வராவிட்டால் நிறுவனம் 7,740 வெள்ளியை இம்மாதம் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும்.
>
> டெலிவரி ஆர்டர் போதாது. டேக்ஸ் இன்வாய்ஸ் என்ற தலைப்பும் வழங்குநரின் ஜிஎஸ்டி பதிவெண்ணும் உள்ள ஆவணமே வேண்டும்.
>
> ஏதேனும் ஓர் இன்வாய்ஸ் வழங்குநரிடமிருந்தே வரவில்லை என்றால், அதன் வரிசை எண்ணை நாளை, செவ்வாய் மதியம் 12 மணிக்குள் எனக்குத் தெரிவியுங்கள். கணக்குப் பிரிவு அந்த வழங்குநரை நேரடியாகத் தொடர்புகொள்ளும்.
>
> ஏப்ரல் 8 அன்று கேட்ட 23 இன்வாய்ஸ்களில் 9 மட்டுமே இதுவரை வந்துள்ளன; சென்ற காலாண்டிலும் தாமதம் ஏற்பட்டது. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பிரிவு தொலைபேசியில் நினைவூட்ட வேண்டிய நிலை தொடர முடியாது. தாக்கல் முடிந்ததும் மே முதல் வாரத்தில் உங்கள் இருவருடனும் இதைப் பற்றிப் பேசுவேன்.
>
> நன்றி.

இதில் கடுமை இல்லாமலில்லை. "இந்த நேரத்தை நீட்டிக்க இயலாது", "டெலிவரி ஆர்டர் போதாது", "தொடர முடியாது" ஆகிய மூன்றும் உறுதியான வாக்கியங்கள். மேலாளரின் "இனி எந்தச் சாக்கும் கேட்க மாட்டேன்" என்பது அவற்றுக்குள் முழுமையாக வந்துவிட்டது. கடுமை ஆளின் மேல் விழாமல் வேலையின் மேல் விழுகிறது, அவ்வளவே. டெலிவரி ஆர்டர் பற்றிய வரியைக் கவனியுங்கள்: மேலாளரின் வரைவில் அது இல்லை. பொருளோடு வரும் டெலிவரி ஆர்டரை அனுப்பிவிட்டு அனுப்பியாயிற்று என்று கிடங்கில் நினைத்துக்கொள்வது வழக்கம் என்பதைக் கணக்குப் பிரிவில் பேசியபோது நீங்கள் தெரிந்துகொண்டதால் சேர்ந்தது. அப்படியானால் அவர்கள் சோம்பேறிகள் என்ற மேலாளரின் எண்ணம் பாதி தவறாகவும் இருக்கலாம்.

செவ்வாய் மதியம் என்ற இடைக்கெடுவும் வேண்டுமென்றே வைத்தது. ஒரே கெடு இருந்தால், எது வராது என்பது வியாழன் மாலை 4 மணிக்குத்தான் தெரியும். அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது. இடைக்கெடு, முடியாதவருக்கு மரியாதையாகச் சொல்ல ஒரு வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் வியாழன் மாலை காரணம் சொல்பவருக்கு இடமும் விடுவதில்லை.

மென்மை மிகுந்து போனால்

நம்மவர்களிடம் கோபத்தைவிட அதிகமாக நான் பார்ப்பது எதிர்ப்பக்கத்துப் பிழைதான். ஊரில் மனு எழுதிப் பழகிய கை, பெரியவர்களுக்கு எழுதும்போது தானாகவே வளையும். அதே மடலை அந்தக் கை இப்படி எழுதும்:

> தங்களின் கடுமையான வேலைப்பளுவை நன்கு அறிவோம். ஆயினும், நிலுவையிலுள்ள இன்வாய்ஸ்களைக் கூடிய விரைவில் அனுப்பி ஆவன செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. தங்களின் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி.

படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதில் கெடு இல்லை, எண்ணிக்கை இல்லை, "கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்பதில் கேட்பவர் யார் என்பதும் இல்லை. வேலைப்பளுவை நன்கு அறிவோம் என்று நாமே எழுதியதால், அனுப்பாதவருக்கு வேண்டிய சாக்கை நாமே கையில் கொடுத்துவிட்டோம். பெறுபவர் இதை வாசித்துவிட்டு, இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்று முடிவெடுத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. கோபமான வரைவில் இருந்த அதே தகவல் குறைபாடு இங்கேயும் அப்படியே இருக்கிறது. மேலே பூசிய நிறம்தான் மாறியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதி முடித்த மடலில் மரியாதைச் சொற்கள் எல்லாவற்றையும் மனத்தளவில் நீக்கிவிட்டு, மிஞ்சியதை மட்டும் வைத்துச் செனோக்கோவில் உள்ளவர் வேலையை முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் மடல் இன்னும் தயாராகவில்லை. வணக்கமும் நன்றியும் ஒவ்வொரு முறை போதும். "தயவுசெய்து" வேண்டுமானால் வேண்டுகோள் வாக்கியத்தில் ஒருமுறை வரலாம், கெடு உள்ள வாக்கியத்தில் வேண்டாம்.

நகல் யாருக்கு

நகல் பட்டியலையும் மடலின் ஒரு வாக்கியம் போலவே கருத வேண்டும். இயக்குநரைச் சேர்ப்பது, "உங்களை மேலிடத்தில் சொல்லிவிட்டேன்" என்று எழுதுவதற்குச் சமம். மற்றக் கிளைகளைச் சேர்ப்பது, நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டுவதற்குச் சமம். உடலில் எவ்வளவு பண்பாக எழுதினாலும் பெறுபவர் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். இந்த மடலில் இரு பொறுப்பாளர்களும் பெறுநர்கள்; கணக்குப் பிரிவில் இதைக் கவனிப்பவர் மட்டும் நகலில் இருக்கலாம். இயக்குநர் இருக்கவேண்டும் என்று மேலாளர் கருதினால், வியாழனுக்குப் பிறகான நினைவூட்டலில் சேர்க்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். முதல் மடலிலேயே சேர்த்துவிட்டால் அடுத்த படிக்கு ஏற எதுவும் மிஞ்சாது என்பது பெரும்பாலான மேலாளர்களுக்கு உடனே விளங்கும் காரணம்.

மேலாளரிடம் திருப்பிக் காட்டும்போது

மடல் அவருடைய பெயரில் போகிறது என்றால் அவர் பார்க்காமல் அனுப்பக்கூடாது. காட்டும்போது தொனியைப் பற்றிப் பேசாதீர்கள். "கொஞ்சம் கடுமையாக இருந்தது, சார், மென்மையாக்கியிருக்கிறேன்" என்றால், தன்னைத் திருத்துவதாகவும் தன் வலிமையைக் குறைப்பதாகவும் அவருக்குப் படும். சேர்த்தவற்றைச் சொல்லுங்கள்: "எத்தனை இன்வாய்ஸ், எந்த நேரம், எவ்வளவு தொகை என்பதையெல்லாம் கணக்குப் பிரிவில் கேட்டுச் சேர்த்திருக்கிறேன், சார். எது வராது என்பதைச் செவ்வாயே சொல்லும்படி கேட்டிருக்கிறோம், பிறகு காரணம் சொல்ல முடியாது. சம்பளப் பிடித்தம் பற்றிய வரியை மட்டும் எடுத்திருக்கிறேன், வேலை நியமனச் சட்டப்படி எழுத்தில் இருந்தால் நமக்குத்தான் சிக்கல். வேண்டுமானால் மனிதவளத் துறையிடம் கேட்டுவிடுகிறேன். அபராதத் தொகையையும் சரிபார்த்து மாற்றியிருக்கிறேன்." இவை அனைத்தும் அவருடைய நோக்கத்தை வலுப்படுத்தும் செய்திகள். பெரும்பாலும் அவர் ஒரு சொல்லை மாற்றிவிட்டு அனுப்பச் சொல்வார். அலுவலகத்தில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இருந்தால் "சார்" தேவையில்லை. சொல்லும் வரிசை மாறாது.

சில வரைவுகளை மாற்றியெழுதவே கூடாது. ஒரே ஒருவரின் வேலைத்திறனைப் பற்றியது என்றால், அது மடலில் போகவேண்டியதன்று. நேரில் பேசலாமே என்று மேலாளரிடம் சொல்லுங்கள். இனம், சமயம், பெண்மை, உடல்நிலை ஆகியவற்றைக் குத்தும் சொற்கள் வரைவில் இருந்தால், அவற்றைத் துடைத்துக் கொடுப்பதோடு உங்கள் பங்கு முடிந்துவிடாது. சிங்கப்பூரில் 2014 முதல் நடப்பில் உள்ள துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். அத்தகைய வரைவைப் பற்றி மனிதவளத் துறையில் பேசுவதே முறை.

அனுப்பும் நேரமும் அதன்பின்னும்

கோப வரைவு இரவு பதினொரு மணிக்கு வந்திருந்தாலும் மடல் காலையில் போகட்டும். இரவில் போகும் மடல் அவசரத்தைவிட ஆத்திரத்தையே காட்டும். கிடங்கில் பொருள் இறக்கும் பரபரப்பு தணிந்து, பொறுப்பாளர் மேசைக்கு வரும் நேரம் எது என்று தெரிந்து அனுப்பினால் அன்றே வேலை தொடங்கும். அனுப்புமுன் உங்கள் கைப்பேசிக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். திரையை நகர்த்தாமலே எண்ணிக்கையும் நேரமும் தெரிகின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது. இணைப்பு திறக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வரும் பதில்களை வைத்து மடல் எடுபட்டதா என்று அறியலாம். "எந்த எட்டு?" என்று கேட்டால் பட்டியல் தெளிவாக இல்லை, அல்லது இணைக்க மறந்துவிட்டீர்கள். "ஏன் எங்களுக்கு மட்டும்?" என்று வந்தால் எங்கோ குற்றம்சாட்டும் வாடை மிஞ்சியிருக்கிறது, பழைய தாமதத்தைப் பற்றிய பத்தியை மீண்டும் படித்துப் பாருங்கள். "நோட்டட்" என்ற ஒற்றைச் சொல் வந்தால், நம் ஊர் அலுவலகங்களில் அதற்கு வாசித்தேன் என்பதற்கு மேல் பொருள் கொள்ள வேண்டாம்; செவ்வாய் மதியம் வரை காத்திருந்து, வரிசை எண் எதுவும் வராவிட்டால் 12.15-க்குத் தொலைபேசியில் அழைத்து, எட்டும் வியாழனுக்குள் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்று வாயால் சொன்னதை, "பேசியபடி, துவாஸின் 8 இன்வாய்ஸ்களும் வியாழன் 4 மணிக்குள் வரும்" என்று ஒரே வரியில் அதே மடலின் பதிலாக எழுதிவிடுங்கள்.

வியாழன் 4 மணிக்குள் பதினொன்று வந்து மூன்று வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நினைவூட்டல் 4.05-க்குப் போக வேண்டும். மறுநாள் காலை போனால், 4 மணி என்பதற்குப் பொருள் இல்லை என்று நீங்களே காட்டிவிட்டதாகும். அதில் புதிதாகக் கோபம் எதுவும் தேவையில்லை: "செனோக்கோவின் 2, 5, 6 ஆகிய மூன்று இன்வாய்ஸ்கள் வரவில்லை. நாளை காலை 10 மணிக்குள் வருபவற்றை இந்தத் தாக்கலில் சேர்க்க முடியும். அதன்பின் வருபவை அடுத்த காலாண்டுக்குப் போகும்." காலை 10 மணி என்பதைக் கணக்குப் பிரிவிடம் கேட்டபின்பே எழுதுங்கள். எட்டும் வந்துசேர்ந்ததற்குத் தனியாக ஒரு வரியில் துவாஸுக்கு நன்றி சொல்லி, பெறுநர் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிடுங்கள். தம் பங்கை முடித்தவர்களுக்கு நினைவூட்டல் போகக்கூடாது.